பயன்படுத்தப்பட்ட வடிவமைப்புக்கான நிலுவைத் தொகை கோரி நினைவூட்டல் கடிதம்

பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்
(நகல் மின்னஞ்சலிலும் அனுப்பப்பட்டுள்ளது)

கோயம்புத்தூர்,
18 நவம்பர் 2024

அனுப்புநர்:
இரா. கயல்விழி,
வரைகலை வடிவமைப்பாளர்,
ஆர்.எஸ்.புரம்,
கோயம்புத்தூர் – 641 002.

பெறுநர்:
நிர்வாகப் பங்குதாரர் அவர்கள்,
மரச்செக்கு எண்ணெய் உற்பத்தி நிறுவனம்,
பெருந்துறை சாலை,
ஈரோடு – 638 011.

பொருள்: லோகோ, எண்ணெய் பாட்டில் லேபிள்கள், பரிசுப் பெட்டி ஆகியவற்றின் வடிவமைப்புக் கட்டணத்தில் செலுத்தப்படாத ரூ.59,400 – செலுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது இன்வாய்ஸ் எண் 14/2024, நாள் 10.05.2024.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் நிறுவனத்துக்காக நான் வடிவமைத்துக் கொடுத்த லோகோவும் லேபிள்களும் இன்று கடைகளில் விற்பனைக்கு நிற்கும் பாட்டில்கள் ஒவ்வொன்றிலும் இருக்கின்றன. அவற்றுக்கான கட்டணத்தில் முன்பணம் நீங்கலாக ஒரு ரூபாய்கூட எனக்கு இதுவரை வந்து சேரவில்லை. மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் தொலைபேசியிலும் நான் கேட்டவற்றுக்கு முடிவான பதில் கிடைக்காததால், கணக்கு முழுவதையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துத் தங்கள் நேரடிப் பார்வைக்கு இக்கடிதத்தை அனுப்புகிறேன்.

2024 பிப்ரவரி 12 அன்று தாங்கள் அனுப்பிய மின்னஞ்சலில் லோகோ, கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகிய மூன்றுக்கும் அரை லிட்டர், ஒரு லிட்டர் பாட்டில்களுக்கான லேபிள்கள், ஐந்து லிட்டர் டின்னுக்கான சுற்று லேபிள், பண்டிகைக்கால பரிசுப் பெட்டி ஆகிய பணிகளுக்கு மொத்தம் ரூ.86,000 என்று ஒப்புக்கொண்டு, முன்பணமாக ரூ.20,000 அனுப்பினீர்கள். மீதித் தொகையை இன்வாய்ஸ் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் செலுத்துவது என்பதும், முழுத் தொகையும் செலுத்தப்பட்ட பிறகே வடிவமைப்புகளின் பதிப்புரிமை தங்கள் நிறுவனத்துக்கு மாற்றித் தரப்படும் என்பதும் அதே மின்னஞ்சல் தொடரில் இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட நிபந்தனைகள். இறுதி வடிவங்களுக்குத் தாங்கள் மே 6 அன்று ஒப்புதல் தந்தீர்கள். அச்சகத்தில் இயந்திர நேரம் ஒதுக்கியாகிவிட்டது, கோப்புகள் உடனே வேண்டும் என்று தாங்கள் கேட்டுக்கொண்டதால், தங்கள் வார்த்தையை நம்பி, மீதித் தொகை வருவதற்கு முன்பே மே 8 அன்று அச்சுக்கான கோப்புகள் அனைத்தையும் அனுப்பி வைத்தேன். மே 10 அன்று அனுப்பிய இன்வாய்ஸின்படி பணம் வந்திருக்க வேண்டிய கடைசி நாள் ஜூன் 9.

ஜூன் மாதம் கேட்டபோது பங்குதாரர் ஒருவர் வெளியூர் சென்றிருப்பதாகச் சொன்னீர்கள். ஜூலையில் அடுத்த வாரம் என்றும், ஆகஸ்டில் புதிய பாட்டில்களின் விற்பனை இன்னும் சூடு பிடிக்கவில்லை என்றும் பதில் வந்தது. தொழிலில் பணப் புழக்கம் இறுகும் காலங்கள் உண்டு என்பதை நானும் அறிவேன். அதனால்தான் அப்போதெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் எனது கட்டணம் விற்பனையைப் பொறுத்தது என்று நாம் எங்குமே பேசிக்கொள்ளவில்லை. பாட்டில் கொடுத்தவருக்கும் மூடி கொடுத்தவருக்கும் அச்சகத்துக்கும் விற்பனையைப் பார்த்த பிறகா பணம் தருகிறார்கள்? பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளை வரைந்தவருக்கு மட்டும் வேறொரு நியாயம் இருக்க முடியாது.

அக்டோபர் முதல் வாரத்தில் தொலைபேசியில் பேசியபோது, தங்கள் கணக்காளர் முதன்முறையாக, வடிவமைப்பில் சில குறைகள் இருப்பதாகவும் அவற்றைச் சரிசெய்த பிறகே மீதித் தொகை பற்றிப் பேசலாம் என்றும் தெரிவித்தார். இதை நான் ஏற்க இயலாது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். கோப்புகளைப் பெற்ற நாள் முதல் இன்றுவரை குறை என்று எழுத்து மூலம் ஒரு வரிகூடத் தங்களிடமிருந்து வரவில்லை. பணி ஒப்படைக்கப்பட்ட 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான ஆட்சேபம் வராவிட்டால் அது ஏற்றுக்கொள்ளப்பட்டதாகவே கொள்ளப்படும் என்று குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006 கூறுகிறது. தாங்களோ ஒப்படைப்புக்கு முன்பே எழுத்து மூலம் ஒப்புதலும் தந்திருக்கிறீர்கள்.

அதைவிட முக்கியமாக, குறை உள்ளதாகச் சொல்லப்படும் அதே வடிவமைப்பு எந்த மாற்றமும் இல்லாமல் அச்சாகி விற்பனைக்கு வந்திருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய வாரம் கோவை காந்திபுரத்தில் ஒரு பல்பொருள் அங்காடியில் தங்கள் பரிசுப் பெட்டியை விலை கொடுத்து வாங்கினேன். ரசீதும் புகைப்படங்களும் இத்துடன் உள்ளன. நல்லெண்ணெய் லேபிளின் இடது ஓரத்தில் வரும் எள்ளுப்பூவைத் தாங்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். முதல் மாதிரி அச்சில் அதன் வெளிர் ஊதா நிறம் பழுப்புப் பின்னணியில் மங்கிப் போனதால், இதழ்களின் ஓரத்தை மட்டும் கையால் மீண்டும் வரைந்து அழுத்தம் கூட்டினேன். அந்தக் கையால் வரைந்த ஓரக் கோடு பெட்டியில் உள்ள பாட்டிலில் அப்படியே இருக்கிறது. சிறிய லேபிளிலும் தெளிவாகப் படிக்க வேண்டும் என்பதற்காக ‘எண்ணெய்’ என்ற சொல்லின் எழுத்துகளுக்கு இடையே நான் தனித்தனியாகச் சரிசெய்த இடைவெளியும் மாறவில்லை. அச்சு நேர்த்தியாக வந்திருப்பதைப் பார்த்து மகிழ்ச்சி அடைந்தேன் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இந்த வேலையை நான் மிகவும் விரும்பிச் செய்தேன். அதனாலேயே, பயன்படுத்தும்போது நன்றாக இருந்த ஒன்று பணம் கேட்கும்போது குறையுள்ளதாக மாறுவது எனக்குப் பெரும் வருத்தத்தைத் தருகிறது.

இன்னொரு செய்தியையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். எனது பான் எண்ணுக்குரிய வருமான வரிப் படிவம் 26ஏஎஸ்-இல், ஏப்ரல்–ஜூன் காலாண்டில் தங்கள் நிறுவனம் ரூ.66,000-ஐ எனக்குரிய தொகையாகக் காட்டி, பிரிவு 194ஜே-இன் கீழ் 10 சதவீதம், அதாவது ரூ.6,600 டிடிஎஸ் பிடித்துச் செலுத்தியதாகப் பதிவாகியுள்ளது. ஆகவே எனது இன்வாய்ஸ் தங்கள் கணக்குப் புத்தகத்தில் ஜூன் மாதத்துக்குள்ளேயே ஏற்றுக்கொள்ளப்பட்டு, எனக்குத் தரவேண்டிய கடனாக எழுதப்பட்டிருக்கிறது. வரியை அரசுக்குச் செலுத்திய தாங்கள், மிச்சத்தை எனக்கு அனுப்பவில்லை என்பதுதான் இன்றைய நிலை. ரூ.86,000-இல் முன்பணம் ரூ.20,000, டிடிஎஸ் ரூ.6,600 ஆகியவை போக எனக்கு வரவேண்டிய தொகை ரூ.59,400. நான் ஜிஎஸ்டி பதிவு பெறும் வரம்புக்குக் கீழே இருப்பதால் இதன்மேல் ஜிஎஸ்டி இல்லை.

நான் 2022 முதல் உத்யம் பதிவு பெற்ற குறுந்தொழில் நிறுவனமாகத் தொழில் செய்து வருகிறேன். பதிவு எண் இன்வாய்ஸின் தலைப்பிலேயே உள்ளது. மேற்சொன்ன 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, ஒப்புக்கொண்ட நாளுக்குள், எப்படியும் ஏற்பு நாளிலிருந்து 45 நாட்களுக்கு மேற்படாமல் பணம் தரப்பட வேண்டும் என்கிறது. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவித்துள்ள வங்கி வீதத்தின் மும்மடங்கில், மாதந்தோறும் கூட்டப்படும் கூட்டு வட்டி தரவேண்டும் என்பது 16-ஆவது பிரிவு. இப்போதைய வங்கி வீதம் 6.75 சதவீதம் ஆதலால் வட்டி ஆண்டுக்கு 20.25 சதவீதமாகிறது. ஜூன் 10 முதல் நவம்பர் 9 வரையிலான ஐந்து மாதங்களுக்கு மட்டும் இது ரூ.5,184. இந்த வட்டியை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது. அசல் தொகையையும் 2025 மார்ச் 31-க்குள் செலுத்தாவிட்டால், வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவின்படி இந்த நிதியாண்டில் செலவாகக் காட்ட இயலாது என்பதைத் தங்கள் ஆடிட்டரே உறுதிப்படுத்துவார்.

பதிப்புரிமை குறித்தும் ஒரு தெளிவு அவசியம். பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 19-ஆவது பிரிவின்படி, உரிமையாளர் கையெழுத்திட்ட எழுத்து ஆவணம் இல்லாமல் உரிமை மாற்றம் செல்லாது. அத்தகைய ஆவணம் எதிலும் நான் கையெழுத்திடவில்லை. அதைத் தருவதற்கான நிபந்தனையும் நிறைவேறவில்லை. எனவே லோகோவும் லேபிள்களும் பெட்டி வடிவமைப்பும் இந்நாள்வரை என்னுடைய உரிமையிலேயே உள்ளன. தங்கள் விற்பனையைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குச் சிறிதும் இல்லை. புதிதாக அடுத்த சுற்று அச்சிடுவதற்கு முன்பாவது கணக்கைத் தீர்த்து உரிமையை முறையாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றே கேட்கிறேன்.

இந்தப் பணிக்காகப் பொருட்களைப் படம் எடுத்த புகைப்படக்காரருக்கு ரூ.9,000, தமிழ் எழுத்துருவின் வணிக உரிமத்துக்கு ரூ.6,500 என நான் என் கையிலிருந்து அப்போதே செலுத்திவிட்டேன். மாதச் சம்பளம் இல்லாமல், ஒவ்வொரு பணிக்கும் வரும் தொகையை வைத்தே வீட்டு வாடகையும் அடுத்த பணிக்கான செலவும் பார்க்கும் எனக்கு ரூ.59,400 என்பது ஒத்திப்போடக்கூடிய தொகை அல்ல.

ஆகவே, ரூ.59,400-ஐ 2024 டிசம்பர் 2, திங்கட்கிழமைக்குள் இன்வாய்ஸில் குறித்துள்ள எனது வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த நாளுக்குள் முழுத் தொகையும் வந்துவிட்டால் வட்டியைக் கோரமாட்டேன். பணம் வந்த மூன்று நாட்களுக்குள் பதிப்புரிமை மாற்று ஆவணத்தையும், பின்னாளில் திருத்தக்கூடிய மூலக் கோப்புகளையும் கையெழுத்திட்டு அனுப்பி வைப்பேன். ஒரே தவணையில் தருவது கடினம் என்றால், டிசம்பர் 2-க்குள் ரூ.30,000-மும், டிசம்பர் 31 தேதியிட்ட காசோலையாக ரூ.29,400-மும் தந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இந்த ஏற்பாட்டை நவம்பர் 27-க்குள் எழுத்து மூலம் தாங்கள் உறுதிப்படுத்த வேண்டும்.

இவ்விரண்டில் எதுவும் நடக்காவிட்டால், அசலையும் வட்டியையும் சேர்த்துக் கோரி, சமாதான் இணையதளம் வழியாகக் குறு மற்றும் சிறு தொழில் நிறுவனங்களுக்கான வசதியாக்க மன்றத்தில் மேற்சொன்ன 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18-ஆவது பிரிவின் கீழ் மனு தாக்கல் செய்வேன். அம்மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்ல விரும்பும் வாங்குநர், தீர்ப்பளிக்கப்பட்ட தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும் என்று அதே சட்டத்தின் 19-ஆவது பிரிவு சொல்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் எனக்குள்ள உரிமைகளையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வழிக்குப் போக நான் விரும்பவில்லை. போகும்படி ஆகாது என்றே இன்னும் நம்புகிறேன்.

தங்கள் பிப்ரவரி 12, மே 6 மின்னஞ்சல்களின் நகல்கள், இன்வாய்ஸ், 26ஏஎஸ் பக்கத்தின் நகல், பரிசுப் பெட்டியின் புகைப்படங்கள், கடை ரசீது, உத்யம் சான்றிதழ் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். இதில் ஏதேனும் ஒரு கணக்கோ தேதியோ தங்கள் பதிவேட்டுடன் ஒத்துப்போகவில்லை என்றால் அதை எழுத்து மூலம் தெரிவியுங்கள். பெற்ற அன்றே சரிபார்த்துப் பதில் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

(கையொப்பம்)
இரா. கயல்விழி