கிரிட்டோ: வியாழக்கிழமை டுடோரியலுக்கான கேள்விகளும் குறிப்புகளும்

இந்த வாரம் வகுப்பை நடத்துவது என் முறை. நாம் ஏழு பேர், ஐம்பது நிமிடம். மேடம் கொடுத்திருப்பது பிளேட்டோவின் ‘கிரிட்டோ’ முழுவதும், ஓர எண் 43 முதல் 54 வரை. ஒரே மூச்சில் படித்துவிடலாம், ஆனால் இரண்டு முறை படித்துவிட்டு வாருங்கள். இரண்டாவது முறை கிரிட்டோவின் பக்கம் நின்று படியுங்கள். நான் திருமங்கலம் பஸ்ஸில் அப்படிப் படித்தபோதுதான் அந்த மனிதர் சொல்வதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று தெரிந்தது.

சூழல் தெரிந்ததுதான். கி.மு. 399. சாக்ரடீஸுக்கு மரண தண்டனை என்று தீர்ப்பு வந்துவிட்டது. டீலோஸ் தீவுக்குப் போன கப்பல் திரும்பும் வரை ஏதென்ஸில் யாரையும் கொல்லக் கூடாது என்பதால் அவர் சிறையில் காத்திருக்கிறார். விடியும் முன்பே அவருடைய நண்பர் கிரிட்டோ வந்து, அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு எழுப்பாமல் உட்கார்ந்திருக்கிறார். காவலாளி ஏற்கெனவே பழக்கம், பணம் தயார், தெசலியில் வரவேற்க ஆட்கள் இருக்கிறார்கள். சாக்ரடீஸ் ‘சரி’ என்று சொன்னால் போதும், தப்பித்துவிடலாம்.

முதல் கேள்வி: ‘நாலு பேர்’ யார்?

கிரிட்டோவின் முதல் கவலை, நண்பனைக் காப்பாற்றப் பணம் இருந்தும் செலவழிக்கவில்லை என்று ஊர் பேசுமே என்பது (44). நம் வீடுகளில் தினமும் கேட்கிற ‘நாலு பேர் என்ன சொல்வாங்க’ அப்படியே இது. சாக்ரடீஸின் பதில்: உடற்பயிற்சி செய்கிறவன் பார்க்கிற எல்லாருடைய பேச்சையும் கேட்பானா, மருத்துவரும் பயிற்சியாளரும் சொல்வதைக் கேட்பானா? (47) உடம்புக்கு அப்படியென்றால், நியாய அநியாயத்துக்கும் அப்படித்தானே.

இங்கே யாராவது கேட்க வேண்டியது: உடம்புக்கு மருத்துவர் உண்டு, நியாயத்துக்கு ‘தெரிந்தவர்’ யார்? எனக்குத் தெரியாது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் சாக்ரடீஸ்தானே. இதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், விட்டால் வகுப்பு முழுக்க இதிலேயே போய்விடும்.

கிரிட்டோவின் இன்னொரு வாதத்தை எல்லாரும் தாண்டிப் போய்விடுகிறோம்: பிள்ளைகளை அநாதையாக விட்டுப் போவதா என்கிறார் (45). கடைசியில் சட்டங்கள் இதற்குச் சொல்லும் பதில், நீ தெசலிக்குப் போனால் பார்த்துக்கொள்ளும் நண்பர்கள் நீ செத்தாலும் பார்த்துக்கொள்வார்கள் என்பது (54). எனக்கு இது போதவில்லை. போதும் என்று நினைக்கிறவர் எழுந்து வாதாடுங்கள்.

இரண்டாவது: செஞ்சோற்றுக் கடனா?

50-இலிருந்து ஏதென்ஸின் சட்டங்களே ஆள் போல எழுந்து வந்து பேசுகின்றன. உன் பெற்றோரின் திருமணம் எங்களால் நடந்தது, உன்னை வளர்த்துப் படிக்க வைத்தோம், எங்களையே அழிக்கப் பார்க்கிறாயா என்று கேட்கின்றன. படித்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தவர்கள் கும்பகர்ணனும் கர்ணனும். அண்ணன் செய்தது தவறு என்று தெரிந்தும் கும்பகர்ணன் களத்துக்குப் போகிறான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யக் கூடாது என்பது நமக்கு யாரும் விளக்க வேண்டாத நியாயம்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வகுப்பு இதன் மேல்தான் நிற்க வேண்டும் என்று விரும்புகிறேன். கும்பகர்ணன் கடனுக்காக அநீதியின் பக்கம் நின்று போரிடுகிறான். சாக்ரடீஸிடம் அநீதியைத் தாங்கிக்கொள்ள மட்டுமே சொல்கிறார்கள். ஏதென்ஸை முப்பது பேர் கொடுங்கோலாக ஆண்டபோது, சலாமிஸ் போய் லியோனைக் கொல்வதற்காகப் பிடித்து வா என்று அவர்கள் ஆணையிட, சாக்ரடீஸ் நேரே வீட்டுக்குப் போய்விட்டார். போன மாதம் படித்த ‘அப்பாலஜி’யில் இதை அவரே சொல்கிறார். தத்துவம் பேசாதே என்று நீங்கள் சொன்னாலும் கேட்க மாட்டேன் என்று நீதிமன்றத்திடம் சொன்னவரும் அவரே. அப்படியென்றால் ‘அப்பாலஜி’யும் ‘கிரிட்டோ’வும் முரண்படுகின்றனவா? என் வாசிப்பில் இல்லை. அவர் மீறுவது அநீதி செய்யச் சொல்லும் ஆணையை, பணிவது அநீதியைத் தன் மேல் சுமத்தும் தீர்ப்புக்கு. ஆனால் தத்துவம் பேசாதே என்ற ஆணை எந்தப் பக்கம் சேரும்? இதற்கு என்னிடம் உறுதியான பதில் இல்லை. மேடம் நிச்சயம் இதைத்தான் பிடிப்பார், எல்லாரும் யோசித்து வாருங்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் 49 இருக்கிறது: நமக்குத் தீங்கு செய்தவருக்கும் பதிலுக்குத் தீங்கு செய்யக் கூடாது. இதை ஒப்புக்கொள்கிறவர்கள் சிலரே என்று சாக்ரடீஸே எச்சரிக்கிறார். நம் ஊரிலேயே இதற்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. சரியாக விசாரிக்காமல் கோவலனைக் கொன்ற பாண்டியனின் அவையில் கண்ணகி சான்றோடு வாதாடி வென்றாள், அரசன் தவற்றை ஒப்புக்கொண்டு உயிரை விட்டான். அதன் பிறகும் மதுரை எரிந்தது. தவறு செய்தது மனிதர்கள், நாங்கள் அல்ல என்று ஏதென்ஸின் சட்டங்கள் சொல்கின்றன (54). மதுரை கண்ணகியிடம் அதையே சொல்லியிருந்தால் அவள் என்ன பதில் சொல்லியிருப்பாள்?

மூன்றாவது: ‘எங்களை இணங்க வை, இல்லை பணி’

51-இல் வரும் நிபந்தனை இது. சாக்ரடீஸுக்கு இது பொருந்துகிறது. எழுபது வயது வரை வேறு ஊருக்குப் போகும் உரிமை இருந்தும் போகவில்லை. போர்களைத் தவிர ஒரே ஒருமுறை இஸ்த்மஸ் விழாவுக்கு மட்டும் ஊரை விட்டு வெளியே போனார். விசாரணையில் நாடு கடத்தலைக் கேட்டுப் பெற்றிருக்கலாம், அதையும் கேட்கவில்லை (52). இத்தனையையும் சட்டங்கள் ‘சம்மதம்’ என்று கணக்கு வைக்கின்றன.

இப்போது 1939 ஜூலை 8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுவரை வாசலிலேயே நிறுத்தப்பட்டவர்கள் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனார்கள். கக்கன் அவர்களில் ஒருவர். நுழைந்தவர்கள் மேல் வழக்கு வராமல் காக்கும் சட்டம் அதற்குப் பிறகு வந்தது. முன்பே ஊரில் பேசி, கூட்டம் போட்டு ஆதரவு திரட்டியிருந்தார்கள். அதை ‘இணங்க வைத்தல்’ என்று சொல்லலாம். ஆனால் அதற்கு முந்தைய தலைமுறைகள்? அவர்களுடைய பேச்சைக் கேட்க எந்த அவையும் இல்லை, ஊரை விட்டுப் போனால் அங்கேயும் அதே வாசல். அவர்கள் எதற்குச் சம்மதித்தார்கள்? அநீதியைத் தாங்கு, செய்யாதே என்று நான் மேலே பாராட்டிய கோடு இங்கே எனக்கு உறுத்துகிறது. தாங்குவது சாக்ரடீஸுக்கு ஒரு தேர்வு. வாசலில் நின்றவருக்கு அப்படி இல்லை.

காந்தியைக் கொண்டு வர நினைப்பவர்கள் 1922 அகமதாபாத் விசாரணையைக் கொண்டு வாருங்கள். சட்டத்தை மீறியதை ஒப்புக்கொண்டு, அதிகபட்சத் தண்டனையைத் தரச் சொன்னார். ஆறு ஆண்டு கிடைத்தது. மீறலும் பணிவும் ஒரே ஆளிடம் சேர்ந்து நிற்கின்றன. இதை ஏதென்ஸின் சட்டங்கள் ஏற்குமா?

கடைசிப் பத்து நிமிடம்

சட்டங்களின் பேச்சு தன் காதுக்குள் குழலோசை போல ஒலிக்கிறது, வேறு எதுவும் கேட்கவில்லை என்கிறார் சாக்ரடீஸ். சொல்ல ஏதாவது இருந்தால் சொல் என்கிறார். கிரிட்டோ, ஒன்றும் இல்லை என்று முடித்துவிடுகிறார். வாதத்தில் தோற்றாரா, அழுகை வந்து நிறுத்தினாரா என்று பிளேட்டோ எழுதவில்லை.

ஒவ்வொருவரும் ஒரு துண்டுத் தாளில், அந்த இடத்தில் கிரிட்டோ சொல்லியிருக்க வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தை எழுதி வாருங்கள். பெயர் வேண்டாம். நான் கலந்து வாசிக்கிறேன், சாக்ரடீஸாக மேடம் பதில் சொல்ல ஒத்துக்கொண்டிருக்கிறார்.