குரல் தெளியவும் பேஸ் நிறையவும்: ஈக்வலைசரில் எதைத் தொடுவது, எதை விடுவது

என் அப்பாவுக்கு 72 வயது. மாலைச் செய்தி தொடங்கியதும் தொலைக்காட்சியின் ஒலியை 40 வரை ஏற்றிவிடுவார். அப்படியும் நிமிடத்துக்கு ஒருமுறை என் பக்கம் திரும்பி, "இப்போது என்ன சொன்னார்கள்?" என்று கேட்பார். சத்தத்துக்குக் குறைவில்லை, அடுத்த வீட்டுக்கே கேட்கும். சொல்தான் அவரிடம் வந்து சேரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியின் ஒலி அமைப்பைத் திறந்து பார்த்தேன். ஈக்வலைசரில் தாழ்ந்த ஒலிகளுக்கான 100, 300 ஹெர்ட்ஸ் ஸ்லைடர்கள் இரண்டும் உச்சத்தில் நின்றன. பெட்டியை மாட்டிவிட்டுப் போனவர், "நன்றாக அதிரும்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போன அமைப்பு அது. அவை இரண்டையும் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, 300-ஐ மட்டும் இன்னும் இரண்டு படி இறக்கினேன். 3 கிலோஹெர்ட்ஸை இரண்டு படி ஏற்றினேன். அன்றிலிருந்து அவருக்கு 26 போதுமாக இருக்கிறது.

ஒலி சரியில்லை என்றதும் நம் கை எதையாவது ஏற்றத்தான் போகிறது. பாதி நேரம் செய்ய வேண்டியது இறக்குவது. குரலோ, பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலியோ, வேறொன்று அதை மூடிக்கொண்டிருப்பதால்தான் பெரும்பாலும் கேட்காமல் போகிறது.

ஈக்வலைசர் என்ற பெயர் தொலைபேசிக் கம்பிகளின் காலத்தது. நெடுந்தூரம் போகும் கம்பியில் உயர்ந்த அதிர்வெண்கள் வழியிலேயே தேய்ந்துவிடும். அந்த இழப்பை ஈடுகட்டி, பேச்சை மீண்டும் சமன் செய்யும் சுற்றுக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். இன்று நம் போனில் இருப்பதும் அதே வேலைக்குத்தான்: உங்கள் இயர்போன், உங்கள் அறை, உங்கள் காது ஆகியவை தின்றுவிட்டதைத் திருப்பித் தருவதற்கு.

மனிதக் காது கேட்பது ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. பல ஆண்ட்ராய்டு போன்களில் இந்தப் பரப்பை ஐந்தாகப் பிரித்து 60, 230, 910 ஹெர்ட்ஸ், 3.6, 14 கிலோஹெர்ட்ஸ் என்று ஐந்து ஸ்லைடர்கள் இருக்கும். பத்து இருந்தால் 31-இல் தொடங்கி ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் ஏறக்குறைய இரு மடங்காகி 16 கிலோஹெர்ட்ஸில் முடியும். ஸ்லைடரை நகர்த்தினால் அந்த எண் மட்டும் அசைவதில்லை. அக்கம்பக்கமும் சேர்ந்தே ஏறி இறங்கும். ஐந்து ஸ்லைடர் உள்ள போனில் இது இன்னும் அகலம். ஆகவே ஒலியின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் டெசிபல் கணக்கில் 2, 3 என்ற சிறு அளவுகளே பெரிய மாற்றத்தைத் தரும். 6 டெசிபலுக்கு மேல் எதையும் ஏற்றவேண்டிய நிலை வந்தால், கோளாறு பெரும்பாலும் வேறெங்கோ இருக்கிறது.

முதலில் குரலை எடுத்துக்கொள்வோம். நம் இலக்கணம் எழுத்துகளை உயிர் என்றும் மெய் என்றும் பிரித்திருப்பது இதை விளக்க மிகவும் வசதியானது. உயிரெழுத்துகளின் வலிமை தாழ்ந்த, நடு அதிர்வெண்களில் இருக்கிறது. குரலின் கனமும் இனிமையும் அங்கிருந்து வருகின்றன. சொல்லைச் சொல்லாகப் பிரித்துக்காட்டும் க், ச், ட், த் போன்ற மெய்களின் வெடிப்பும் உரசலும் பெரும்பாலும் 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கின்றன. "பட்டு", "பத்து", "பற்று" மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். உயிர்கள் அதேதான், நடுவில் இருக்கும் அந்தக் கணநேர ஒலி மட்டும் மாறுகிறது. அந்தக் கணத்தைப் பேஸ் விழுங்கிவிட்டால் மூன்றும் ஒன்றாகிவிடும். வயதாகும்போது காது முதலில் இழப்பதும் உயர்ந்த அதிர்வெண்களைத்தான். அப்பா "கேட்கிறது, புரியவில்லை" என்று சொன்னதன் காரணம் அதுவே. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு நேர்ப் பேச்சிலும் இந்தச் சிரமம் இருந்தால் காது மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஈக்வலைசர் அதற்கு மருந்தல்ல.

குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறதா? குற்றவாளி 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. ஐந்து ஸ்லைடர் போனில் 230-ஐ 3 டெசிபல் இறக்குங்கள். வேறெதையும் தொடாமல் ஒரு முழுப் பாடலைக் கேளுங்கள். பலருக்கு இதுவே போதும். போதவில்லை என்றால் 3.6 கிலோஹெர்ட்ஸை 2 டெசிபல் ஏற்றலாம். பத்து ஸ்லைடர் இருந்தால் 250-ஐ 3 இறக்கி, 2, 4 கிலோஹெர்ட்ஸ் இரண்டையும் இரண்டிரண்டு ஏற்றுங்கள். நம் காது மிகக் கூர்மையாக இருப்பது 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை. ஆகவே இங்கே ஒரு டெசிபல்கூடத் தெரியும். அளவு மிஞ்சினால் அரை மணி நேரத்தில் தலை வலிக்கும்.

910 ஹெர்ட்ஸ் அல்லது 1 கிலோஹெர்ட்ஸை ஏற்றினால் குரல் முன்னே வருவதுபோல் தோன்றும். ஆனால் பாடகர் மூக்கால் பாடுவதுபோல் ஆகிவிடும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். "ஸ", "ஷ" வரும் இடமெல்லாம் ஊசிபோல் குத்தினால் 8 கிலோஹெர்ட்ஸை 2 இறக்குங்கள். 14, 16 கிலோஹெர்ட்ஸில் சொல்லின் தெளிவுக்கு எந்த வேலையும் இல்லை. சிறு தாளங்களின் மினுமினுப்பு மட்டும்தான் அங்கே இருக்கிறது.

இனி பேஸ். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் ஈக்வலைசரைத் தொடும் முன்பே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. காதுக்குள் செருகும் இயர்போனில் சிலிக்கான் முனை காதை முழுதாக அடைக்கவில்லை என்றால் பேஸ் அந்த இடைவெளி வழியே போய்விடும். பாட்டு ஓடும்போது இயர்போனை விரலால் மெதுவாக உள்நோக்கி அழுத்திப் பாருங்கள். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் திடீரென்று திரண்டு வந்தால் உங்களுக்கு வேண்டியது பெரிய முனை. பெட்டியோடு வரும் மூன்று அளவு முனைகளைப் பலர் பிரித்தே பார்ப்பதில்லை. இடது காதுக்கு ஓர் அளவும் வலது காதுக்கு வேறோர் அளவும் பொருந்துவது இயல்பு. எனக்கே அப்படித்தான். ஸ்பீக்கராக இருந்தால் சுவரருகே நகர்த்துங்கள், பேஸ் கூடும். மூலையில் வைத்தால் இன்னும் கூடும். மேசை நடுவே வைத்துவிட்டு ஸ்லைடரோடு மல்லுக்கட்டுவது வீண்.

அதன் பிறகும் போதவில்லையா? எந்தப் பேஸ் வேண்டும் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சில் மோதும் அடி வேறு, பாட்டுக்குக் கீழே விரிந்து நிற்கும் நிறைவு வேறு. அடி என்பது 60 ஹெர்ட்ஸை ஒட்டியது. நிறைவு 100 முதல் 150 வரை. நல்ல ஹெட்போனில் 60-ஐ 4 டெசிபல் ஏற்றி, 230-ஐ 2 இறக்கிப் பாருங்கள். இறக்குவதுதான் இங்கே முக்கியம். இரண்டையும் ஏற்றினால் வருவது பேஸ் அல்ல, வெறும் முழக்கம். பத்து ஸ்லைடரில் 63-க்கு 4, 125-க்கு 2, 250-க்குக் கழித்தல் 2 என்று தொடங்கலாம். இந்த அமைப்பில் குரலும் கெடாது. பேஸும் குரலும் சண்டையிடும் இடமே அந்த 250 பக்கம்தான்.

உள்ளங்கை அளவு புளூடூத் ஸ்பீக்கருக்கு இந்தக் கணக்கு செல்லாது. அவ்வளவு சிறிய கூம்பால் 60 ஹெர்ட்ஸுக்குத் தேவையான காற்றைத் தள்ள முடியாது. அதை ஏற்ற ஏற்ற உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையர்தான் திணறும். மேசை கிடுகிடுக்கும், பாட்டு கரகரக்கும். அங்கே மிகத் தாழ்ந்த ஸ்லைடரை 3 இறக்கிவிட்டு, 125 அல்லது 150-ஐ 3 ஏற்றுங்கள். தாழ்ந்த சுருதி ஒன்றோடு சேர்ந்து எழும் உயர்ந்த அதிர்வெண்கள் மட்டும் காதில் விழுந்தாலும், அடியில் இல்லாத சுருதியை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். சிறு ஸ்பீக்கரில் நாம் கேட்கும் பேஸில் பெரும்பங்கு இப்படி நிரப்பிக்கொண்டதுதான்.

இரவில் ஒலியைக் குறைத்தால் பேஸ் காணாமல் போவதாகச் சிலர் குறைப்படுவது உண்மையே. மெல்லிய ஒலியில் தாழ்ந்த அதிர்வெண்களை நம் காது மந்தமாகவே கேட்கும். அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் ஃபிளெச்சர், மன்சன் இருவரும் இதை அளந்து 1933-இல் வெளியிட்டார்கள். மெல்ல வைத்துக் கேட்கும்போது 60-ஐ இன்னும் 2, 3 ஏற்றுவது நியாயம்தான். பகலில் ஒலியைக் கூட்டும்போது மறக்காமல் இறக்கிவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. 3 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதிக்கு ஆம்ப்ளிஃபையர் இரு மடங்கு திறன் தர வேண்டும். 6 என்றால் நான்கு மடங்கு. 12 என்றால் ஏறக்குறைய 16 மடங்கு. ஏற்கெனவே விளிம்பு வரை நிரம்பிய பாடலில் இதைச் சேர்த்தால் ஒலியலையின் உச்சி வெட்டுப்படும். காதுக்கு அது கரகரப்பாகக் கேட்கும். உங்கள் ஆப்பில் எல்லாப் பகுதிகளையும் ஒன்றாக ஏற்றி இறக்கும் `Preamp` என்று ஒரு ஸ்லைடர் இருந்தால், எது அதிகமாக ஏறியிருக்கிறதோ அந்த அளவுக்கு இதை இறக்குங்கள். 60-ஐ 4 ஏற்றினீர்கள் என்றால் `Preamp` கழித்தல் 4. அது இல்லாத ஆப்பில், எல்லா ஸ்லைடர்களையும் சேர்த்து இறக்கி, வேண்டியதை மட்டும் பூச்சியத்தில் விட்டாலும் பலன் ஒன்றே.

செய்த மாற்றம் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஈக்வலைசரை அணைத்தும் போட்டும் கேட்க வேண்டும், ஆனால் இரண்டும் ஒரே சத்தத்தில் இருக்க வேண்டும். சற்றே உரத்தது எதுவானாலும் காதுக்கு நல்லதாகவே படும். அதனால்தான் ஏற்றியதெல்லாம் முதலில் பிடித்துப்போகிறது. உங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் மனப்பாடமான இரண்டு பாடல்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று குரலும் ஒரே ஒரு வாத்தியமும் உள்ளது. மற்றொன்று கூட்டமாக வாத்தியங்கள் முழங்குவது. முதலாவதில் மூச்சு எடுக்கும் ஒலி கேட்க வேண்டும், இரண்டாவதில் பல்லவியின் சொற்கள் கரையக் கூடாது.

`Rock`, `Pop` என்று ஆயத்தமாக வரும் அமைப்புகளை நான் பயன்படுத்துவதில்லை. உங்கள் கையில் இருக்கும் இயர்போன் எது என்று அவற்றுக்குத் தெரியாது. ஐபோனின் மியூசிக் ஆப்பில் ஸ்லைடர் இல்லாததால் ஆயத்த அமைப்புகளில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். பேச்சுக்கு `Spoken Word`, பாட்டில் குரல் வேண்டுமென்றால் `Vocal Booster`.

கார் தனி உலகம். டயரின் இரைச்சலும் எஞ்சினும் தாழ்ந்த பகுதியை மூடிவிடுவதால், நெடுஞ்சாலையில் பேஸ் 3 டெசிபல் கூடுதலாக இருந்தால்தான் வீட்டில் கேட்டது போலிருக்கும். அதே அமைப்போடு சுங்கச்சாவடியில் நின்றால் கதவு அதிரும். என் வண்டியில் இரண்டு அமைப்புகளைச் சேமித்து வைத்திருக்கிறேன்: ஓடும்போது ஒன்று, நிற்கும்போது ஒன்று. அப்பா முன்னிருக்கையில் உட்கார்ந்தால் மூன்றாவது.