டி.என்.ஏ. பொதிவின் படிநிலைகள்: இரட்டைச் சுருளில் இருந்து மெட்டாஃபேஸ் குரோமோசோம் வரை

முதலாண்டு செல் உயிரியல், 10 மதிப்பெண் வினாவுக்கான குறிப்பு

விடையைக் கணக்கோடு தொடங்குங்கள். மனிதனின் இருமய செல் ஒன்றில் ஏறத்தாழ 640 கோடி கார இணைகள் உள்ளன. அடுத்தடுத்த இரு இணைகளுக்கு இடையே 0.34 நானோமீட்டர். பெருக்கினால் சுமார் 2.2 மீட்டர். இந்த நீளம் 46 துண்டுகளாக, 5 முதல் 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உட்கருவுக்குள் அடங்க வேண்டும். அடங்கினால் மட்டும் போதாது. படியெடுக்க வேண்டிய ஜீன் வேண்டிய நேரத்தில் திறக்க வேண்டும். செல் பிரியும்போது இழைகள் சிக்காமல் பிரிய வேண்டும்.

இந்தப் பாடத்தில் இரண்டு வகை எண்கள் வரும். ஒன்று இழையின் தடிமன் (2, 11, 30, 300, 700, 1400 நா.மீ.). மற்றொன்று பொதிவு விகிதம், அதாவது நீட்டிய டி.என்.ஏ.வின் நீளத்தைப் பொதிந்த அமைப்பின் நீளத்தால் வகுத்தால் கிடைப்பது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் மதிப்பெண் அதிகம் போகிறது.

இரட்டைச் சுருள், 2 நா.மீ.

வலஞ்சுழி பி-வடிவம், ஒரு சுற்றுக்கு சுமார் 10.5 கார இணைகள் (10 என்று எழுதினாலும் ஏற்பார்கள்). இங்கே கவனிக்க வேண்டியது பாஸ்பேட்டுகளின் எதிர்மின்சுமை. மூலக்கூறு முழுக்க ஒரே சுமை என்பதால் அது தன்னைத்தானே விலக்கும், விட்டால் நீண்டுகொள்ளவே பார்க்கும். சுருட்ட வேண்டுமானால் முதலில் இந்தச் சுமையைத் தணிக்க வேண்டும். லைசினும் ஆர்ஜினினும் நிறைந்த, நேர்மின்சுமை கொண்ட ஹிஸ்டோன்கள் அதற்குத்தான்.

நியூக்ளியோசோம், 11 நா.மீ.

விடையின் பாதியை இதற்கே ஒதுக்கலாம், ஏனென்றால் அணு அளவில் துல்லியமாகத் தெரிந்த படி இதுதான்.

எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 ஆகியவற்றில் தலா இரண்டு சேர்ந்து எட்டுறுப்புக் கரு அமைகிறது. சேரும் வரிசையும் உண்டு: முதலில் எச்3-எச்4 நான்குறுப்புத் தொகுதி டி.என்.ஏ.வில் அமரும், பிறகு இரண்டு எச்2ஏ-எச்2பி இணைகள் வந்து சேரும். இந்தக் கருவைச் சுற்றி 147 கார இணைகள், சுமார் 1.65 சுற்று, இடஞ்சுழியாகச் சுற்றியிருக்கும். சுருள் வலஞ்சுழி, கருவைச் சுற்றும் பாதை இடஞ்சுழி. ஒரு மதிப்பெண் வினாவில் அடிக்கடி வருவது இது.

எச்1 இந்த எட்டில் சேராது. டி.என்.ஏ. கருவுக்குள் நுழைந்து வெளியேறும் இடத்தில், வெளியிலிருந்து பிடித்துக்கொள்ளும். அதனால் மேலும் 20 இணைகள் வரை சேர்ந்து, சுற்று கிட்டத்தட்ட இரண்டாக நிறைவடையும். இதற்குக் குரோமாட்டோசோம் என்று பெயர். அடுத்த நியூக்ளியோசோம் வரை உள்ளது இணைப்பு டி.என்.ஏ. அதன் நீளம் செல்லுக்குச் செல் மாறும். சராசரியாக மொத்தம் 200 இணைகளுக்கு ஒரு நியூக்ளியோசோம் என்று கொண்டால், நம் செல் ஒன்றில் சுமார் 3.2 கோடி நியூக்ளியோசோம்கள்.

ஹிஸ்டோன் வால்கள் கருவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வாலில் உள்ள லைசினில் அசிட்டைல் தொகுதி சேர்ந்தால் நேர்மின்சுமை போய்விடும். பிடி தளரும், ஜீன் திறக்க வழி பிறக்கும்.

சான்று கேட்டால் இரண்டு போதும். குறைந்த உப்புச் செறிவில் விரித்த குரோமாட்டினை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், நூலில் கோத்த மணிகள்போல் தெரியும் (ஒலின்ஸ் தம்பதி, 1974; கோர்ன்பெர்க்கின் மாதிரியும் அதே ஆண்டு). அடுத்தது, மைக்ரோகாக்கல் நியூக்ளியேஸ் நொதி. சிறிது நேரம் வெட்டவிட்டால் ஜெல்லில் 200, 400, 600 என ஏணிப்படிபோல் பட்டைகள் வரும், ஏனென்றால் நொதி இணைப்புப் பகுதியை மட்டும் வெட்டுகிறது. நீண்ட நேரம் விட்டால் எல்லாம் 147 அருகே வந்து நிற்கும். கருவோடு ஒட்டியது பாதுகாக்கப்படுகிறது. ஏணிக்குப் பதில் மங்கலான தீற்றல் வந்தால், தயாரிப்பில் புரதம் சிதைந்து டி.என்.ஏ. வெறுமையாகியிருக்கலாம்.

விகிதம்: 200 × 0.34 = 68 நா.மீ. 68-ஐ 11-ஆல் வகுத்தால் சுமார் 6.

30 நா.மீ. இழை

எச்1-உம் போதிய உப்பும் இருந்தால், சோதனைக்குழாயில் மணிமாலை சுருண்டு 30 நா.மீ. தடிமன் பெறும். சொலினாய்டு மாதிரியில் ஒரு சுற்றுக்கு ஆறு நியூக்ளியோசோம்கள் (ஃபிஞ்ச், க்ளூக், 1976). மற்றொன்று, இணைப்பு டி.என்.ஏ. குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் வளைவுநெளிவு மாதிரி. பொதிவு விகிதம் சுமார் 40.

பாடநூல்கள் இதை உறுதியாக எழுதினாலும், உயிருள்ள செல்களில் சீரான 30 நா.மீ. இழை பெரும்பாலும் தென்படுவதில்லை. 5 முதல் 24 நா.மீ. வரை தடிமன் மாறும் ஒழுங்கற்ற சங்கிலியாகவே குரோமாட்டின் இருப்பதாக 2017-இல் வந்த நுண்ணோக்கி ஆய்வு காட்டியது. தேர்வில் 30 நா.மீ.யை எழுதிவிட்டு, இந்த ஐயத்தை ஒரே வரியில் சேருங்கள். இதைத் தவறு என்று அடிக்கும் திருத்துநர் அரிது.

வளையங்கள், 300 நா.மீ.

இடைநிலையில் கொஹீசின் டி.என்.ஏ.வை வளையங்களாக இழுக்கும். செல் பிரிதலில் அந்த வேலை கண்டென்சினுக்கு. 1977-இல் பால்சனும் லெம்லியும் மெட்டாஃபேஸ் குரோமோசோமிலிருந்து ஹிஸ்டோன்களை நீக்கிப் பார்த்தார்கள். நடுவில் குரோமோசோமின் வடிவத்திலேயே ஒரு புரதச் சட்டகம் எஞ்சியது. அதைச் சுற்றி டி.என்.ஏ. வளையங்கள் ஒளிவட்டம்போல் விரிந்தன. சட்டகத்தின் முக்கியப் புரதங்கள் டோப்போஐசோமரேஸ் 2-உம் கண்டென்சினும். முதலாவது, ஓர் இரட்டைச் சுருளை வெட்டி மற்றொன்றை அதன் வழியே விட்டு ஒட்டி, சிக்கெடுக்கும். இவை பழுதானால் சகோதரக் குரோமாட்டிடுகள் முழுதாகப் பிரியாமல், அனாஃபேஸில் இரு துருவங்களுக்கும் இடையே பாலம்போல் இழுபடும்.

மெட்டாஃபேஸ் குரோமோசோம், 1400 நா.மீ.

வளையங்கள் மேலும் நெருங்கி ஒரு குரோமாட்டிட் 700 நா.மீ. தடிமன் பெறும், இரண்டும் சேர்ந்து 1400. படத்தில் 700-ஐ முழுக் குரோமோசோமுக்குக் குறிப்பது வழக்கமான பிழை. குரோமாட்டிட் ஒன்றில் இருப்பது ஒரே ஒரு டி.என்.ஏ. மூலக்கூறு, ஆக, படத்தில் உள்ள எக்ஸ் வடிவத்தில் இரண்டு. சென்ட்ரோமியரில் அவற்றைச் சேர்த்துப் பிடிப்பது கொஹீசின்.

செய்முறையில் கேரியோடைப் தயாரிக்கும்போது கால்ச்சிசின் கதிர்க்கோலைத் தடுத்து செல்லை இந்த நிலையில் நிறுத்துகிறது. அதிக நேரம் விட்டால் குரோமோசோம்கள் மேலும் மேலும் சுருங்கிக் கட்டைபோல் ஆகும். பட்டைகளைப் பிரித்தறிய முடியாது. மெட்டாஃபேஸிலும் பொதிவு அசையாமல் நிற்பதில்லை என்பதற்கு இதுவே நேரடிக் காட்சி.

கணக்கு வினா வந்தால் முதலாம் குரோமோசோமை எடுத்துக்கொள்ளுங்கள். 24.9 கோடி இணைகள் × 0.34 நா.மீ. = சுமார் 8.5 செ.மீ., அதாவது 85,000 மைக்ரோமீட்டர். மெட்டாஃபேஸில் அதன் நீளம் சுமார் 10 மைக்ரோமீட்டர். விகிதம் 8,500, பாடநூல் சொல்லும் 10,000-க்கு அருகில். 1400-ஐ 2-ஆல் வகுத்து 700 என்று எழுதினால் அது தடிமன்களின் விகிதம், மதிப்பெண் கிடைக்காது.