பச்சை வடை வந்தாச்சு: முள்ளு முருங்கை வடைக்கான ரீல்ஸ், திரை எழுத்தும் கேப்ஷனும்

ரீல் 1 (சனிக்கிழமை மாலை 4 மணிக்குப் போட வேண்டியது)

கவர் எழுத்து: மழை வந்தாச்சு. பச்சை வடையும் வந்தாச்சு.

திரையில் வரும் எழுத்து:

0:00 (நனைந்த ரோடு, வண்டி விளக்கு) இது கீரை வடை இல்லை.

0:03 (இலைக்கட்டு) முருங்கைக்கீரையும் இல்லை!

0:06 (அப்பாவின் கை) முள்ளு முருங்கை. பறித்துவிட்டு வந்த கையைப் பாருங்கள்.

0:11 (காம்பை விரித்துக் காட்டும்போது) ஒரு காம்புக்கு மூன்று இலை. நடு நரம்பைக் கிள்ளிப் போட வேண்டும். சோம்பேறித்தனப்பட்டால் வாயில் நார் சிக்கும்.

0:17 கொப்புளம் போட்ட இலை? கூடைக்கு வெளியே.

0:21 (ஊறிய அரிசி) பச்சரிசி 2 பங்கு, இட்லி அரிசி 1 பங்கு, ஒரு கை உளுந்து. 3 மணி நேரம் ஊறியது.

0:27 (கிரைண்டர்) மிளகு, சீரகம், உப்பு, இலை. எல்லாம் ஒன்றாக.

0:32 (அம்மா பேசுவது எழுத்தாக) "தண்ணிய ஊத்திராதடா… எண்ணெயப் பூரா குடிச்சிரும்!"

0:38 (வாழையிலையில் தட்டும்போது) பூரியை விடக் கொஞ்சம் தடிமன். அவ்வளவுதான் கணக்கு.

0:44 (எண்ணெயில் விழும் காட்சி. எழுத்து வேண்டாம், சத்தம் மட்டும்)

0:51 உப்புது பாருங்க…

0:54 உப்பிருச்சு!

0:58 (பொடி தூவும்போது) மேலே பூண்டுப் பொடி. சட்னி கேட்காதீர்கள், தர மாட்டோம் :)

1:04 ஒன்று 10 ரூபாய். மாலை 4:30 முதல் மாவு தீரும் வரை.

1:09 மதுரை, தெப்பக்குளம் மேற்குக் கரை. நீலத் தார்ப்பாய் போட்ட வண்டி.

கேப்ஷன்:

ஐப்பசி மழை பிடித்ததும் நம் வண்டியில் ஒரு பச்சை வடை சேர்ந்திருக்கிறது. முள்ளு முருங்கை வடை.

மதுரைக்காரர்களுக்கு இது புதிது இல்லை. முனிச்சாலை, காமராசர் சாலைப் பக்கம் சௌராஷ்டிர வீடுகளில் மழை நாளில் இதைத் தட்டிப் போட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நிறையப் பேர். நம் வண்டிக்குத்தான் புதிது. பதினோரு வருடமாகப் பருப்பு வடை, உளுந்த வடை, வாழைக்காய் பஜ்ஜி என்றே ஓட்டிவிட்டோம். போன வருடம் அம்மா வீட்டில் போட்டதை அப்பா வண்டிக்கு எடுத்து வந்தார், டீக்குடிக்க வந்த நாலு பேருக்குக் கொடுத்தார். அந்த நாலு பேரும் மறுநாள் வந்து "அந்தப் பச்சை வடை இல்லையா?" என்று கேட்டதுதான் ஆரம்பம்.

பெயரைப் பார்த்து முருங்கைக்கீரை என்று நினைத்துவிடாதீர்கள். அது வேறு மரம், இது வேறு. இதற்குக் கல்யாண முருங்கை என்றும் பெயர். கல்யாணத்தில் நட்டுவைக்கும் கிளை இந்த மரத்தினுடையதுதான். கிராமத்தில் வேலிக்கு வைப்பார்கள், மிளகுக் கொடி ஏற்றுவார்கள். அடிமரம் முழுக்க முள் இருக்கும். நமக்கு இலை வருவது சோழவந்தான் பக்கம் ஒரு தோட்டத்து வேலியிலிருந்து. அப்பா காலை ஆறு மணிக்கு டிவிஎஸ் எக்ஸெல்லில் போய்ப் பறித்து வருகிறார்.

இலை எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவுதான் வடை. ஒரு நாளைக்கு 150 வரை போடுகிறோம். ஏழு மணிக்கு மேல் வருபவர்கள் கோபித்துக்கொள்ளாமல் பருப்பு வடை சாப்பிடுங்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

சூடாகச் சாப்பிட வேண்டும். பார்சல் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் கழித்து "மெத்தென்று ஆகிவிட்டதே" என்று மெசேஜ் போட்டால் நாங்கள் என்ன செய்வது? தெப்பக்குளத்துச் சுவரில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மைய மண்டபம் மழையில் நனைவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் இரண்டாவது வடையைத் தானாகக் கேட்பீர்கள்.

#முள்ளுமுருங்கைவடை #பச்சைவடை #மதுரை #தெப்பக்குளம் #மழைக்காலம்

முதல் கமெண்ட் (பின் செய்ய):

ஞாயிறும் உண்டு. திங்கள் விடுமுறை. கூகுள் பே உண்டு, ஆனால் மழையில் சிக்னல் போய்விடும், சில்லறை கையில் இருந்தால் நல்லது.

ரீல் 2 (செவ்வாய். கமெண்டில் கேட்டவர்களுக்குப் பதில்)

கவர் எழுத்து: "கலர் போட்டதா அண்ணே?"

திரையில் வரும் எழுத்து:

0:00 (கமெண்டின் படம்) இந்தக் கேள்வி 14 பேர் கேட்டுவிட்டீர்கள்.

0:04 (மாவைக் கையில் எடுத்து) மாவு: இளம்பச்சை.

0:08 (எண்ணெயிலிருந்து எடுத்து) வெந்ததும்: அடர்பச்சை. ஓரம் லேசாகப் பழுப்பு.

0:13 கிளிப்பச்சையாக இருந்தால் நீங்களே சந்தேகப்படுங்கள்.

0:18 (இலையில் கொப்புளம், கிட்டத்தில்) இது என்ன?

0:21 ஒரு சின்னக் குளவி இலைக்குள் முட்டை வைத்தால் இப்படி வீங்கும். உள்ளே புழு. இந்த இலை நமக்கு ஆகாது.

0:28 (கழித்த இலைக் குவியல்) இன்றைக்குக் கழித்தது இவ்வளவு. பறித்ததில் பாதி!

0:33 (முதல் நாள் எடுத்த பழைய காட்சி, தட்டையான வடை) இதுவும் நாங்கள் போட்டதுதான். சிரிக்காதீர்கள்.

0:38 மாவில் தண்ணீர் கூடிவிட்டது. உப்பவில்லை, எண்ணெய் குடித்தது. 40 வடையும் வீட்டுக்கே போனது.

0:45 (அம்மா) "சொன்னா எவன் கேக்குறான்?"

0:48 (கரண்டியால் எண்ணெயை மேலே தள்ளும்போது) இப்போது: மாவு கெட்டி, எண்ணெய் நல்ல சூடு, கரண்டியால் மேலே எண்ணெய் தள்ள வேண்டும். உப்பிய பிறகே திருப்ப வேண்டும்.

0:56 வாங்க, நேரில் பாருங்கள். மறைக்க ஒன்றும் இல்லை, வண்டிக்குச் சுவரே கிடையாது.

கேப்ஷன்:

கேள்வி கேட்டவர்களுக்கு நன்றி, நிஜமாகவே. தெருவில் சாப்பிடுகிறவர்கள் கேட்கத்தான் வேண்டும்.

கலர் இல்லை. இலைதான். சில நாள் இலை கொஞ்சம் முற்றலாக வரும், அன்று வடை இன்னும் கருத்துத் தெரியும், லேசான கசப்பும் இருக்கும். அந்தக் கசப்பு பிடிக்காதவர்களுக்குப் பொடி கூடப் போட்டுத் தருகிறோம். பொடியில் வற்றல், பொட்டுக்கடலை, பூண்டு, உப்பு. வறுத்து இடிப்பது பாட்டி, அளவு அவருக்கு மட்டும்தான் தெரியும், எங்களுக்கே சொல்ல மாட்டார்.

அடுத்து, எல்லோரும் கேட்கும் சளி விஷயம். முள்ளு முருங்கை நெஞ்சுச் சளிக்கு நல்லது என்று நம் பாட்டிகள் சொல்லித்தான் மழைக்காலத்தில் சுட்டார்கள். அந்தப் பேச்சை நாங்களும் கேட்டு வளர்ந்தோம். ஆனால் இதை மருந்து என்று சொல்லி விற்க மாட்டோம். எண்ணெயில் பொரித்த வடை இது. மிளகுக் காரத்தில் தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவு உறுதி. குழந்தைக்கு மூன்று நாளாக இருமல் என்று ஒரு அக்கா ஐந்து வடை பார்சல் கேட்டார். ஒரு வடை கொடுத்து, டாக்டரிடம் போய்விட்டு வாருங்கள் அக்கா என்று அனுப்பினோம். மறுவாரம் குழந்தையோடு வந்தார், இருமல் இல்லை. இரண்டு வடை சாப்பிட்டது குழந்தை!

நியூஸ் பேப்பரில் ஏன் மடிப்பதில்லை என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். சூட்டில் மை வடையில் ஒட்டும் தம்பி. வாழையிலைத் துண்டில்தான் தருவோம். பார்சலுக்குத் தூக்குச்சட்டியோ டப்பாவோ கொண்டு வந்தால் பத்து வடைக்கு ஒரு வடை சேர்த்துத் தருகிறோம்.

வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மரம் தெரிந்தவர்களிடம் காட்டிவிட்டுப் பறியுங்கள். இளம் இலை மட்டும் போதும். காயையும் விதையையும் தொடாதீர்கள், விதை நஞ்சு.

#முள்ளுமுருங்கைவடை #கல்யாணமுருங்கை #மதுரைஉணவு #தெருக்கடை

ரீல் 3 (கனமழை நாளில் மட்டும். 12 விநாடி, போனிலேயே எடுத்து உடனே போட)

திரையில் வரும் எழுத்து:

0:00 (தார்ப்பாயில் கொட்டும் மழை) "கடை உண்டா?"

0:03 (அடுப்பு) உண்டு!

0:05 (குடை பிடித்து நிற்கும் அப்பா) அடுப்புக்குக் குடை. அப்பாவுக்கு இல்லை.

0:09 மாவு 60 வடைக்குத்தான் இருக்கிறது. சீக்கிரம்.

கேப்ஷன்:

தெப்பக்குளம் ரோட்டில் கணுக்கால் தண்ணீர். பைக்கில் வருபவர்கள் மேற்குக் கரையில் மேடான பக்கம் நிறுத்துங்கள். அவசரப்பட்டு வேகமாக வர வேண்டாம், போன் போட்டுச் சொன்னால் எடுத்து வைக்கிறோம். நம்பர் வண்டியில் எழுதியிருக்கிறது, ஏற்கெனவே வாங்கியவர்களிடம் இருக்கும்.

#மழை #பச்சைவடை #மதுரை

தை மாதம் போட வேண்டிய கடைசி ஸ்டோரி (ஒரே ஒரு படம்: பாதி இலை உதிர்ந்த மரம்)

படத்தின் மேல் எழுத்து: இலை உதிர ஆரம்பித்துவிட்டது.

கீழே: இந்த வாரம் ஞாயிறு வரைதான் பச்சை வடை. அப்புறம் மரத்தில் இலை இருக்காது, சிவப்புப் பூதான் இருக்கும். பூவில் வடை போட முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியாது. ஐப்பசியில் பார்க்கலாம். அதுவரை பருப்பு வடை இருக்கிறது, சட்னியும் உண்டு.