நான் படிக்காத அந்தக் கடிதத்துக்கு நன்றி

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய மேடம் அவர்களுக்கு,

வணக்கம். டூசானில் இடம் கிடைத்ததைப் போனில் சொன்னபோது நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள், நானும் படபடவென்று ஏதோ பேசிவிட்டு வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியது எதையும் சொல்லவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று அரிசோனா பல்கலைக்கழகத்துக்குச் சம்மதம் தெரிவித்துவிட்டேன். நீரியல் துறையில் முனைவர் பட்டப் படிப்பு. கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, ஆராய்ச்சி உதவியாளர் வேலையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். ஏப்ரல் 15 வரை அவகாசம் இருந்தது. ஆனால் வேறு எதற்கும் காத்திருக்க மனம் வரவில்லை. விண்ணப்பித்த ஆறு இடங்களில் மூன்று மறுத்துவிட்டன, ஒன்றிலிருந்து இன்னும் பதில் இல்லை, இரண்டு கூப்பிட்டன. ஆறுக்கும் நீங்கள் பரிந்துரைக் கடிதம் எழுதினீர்கள். கிடைத்த இரண்டுக்கு எவ்வளவு நன்றி சொல்கிறேனோ, கிடைக்காத நாலுக்கும் அவ்வளவே சொல்ல வேண்டும். உங்கள் உழைப்பு ஆறுக்கும் ஒன்றுதானே.

மேடம், நீங்கள் எழுதிய கடிதத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. அமெரிக்காவில் 1974-இல் வந்த ஒரு சட்டப்படி, சேர்ந்த மாணவர் தன்னுடைய கோப்பைக் கேட்டுப் பார்க்கலாம். பரிந்துரைக் கடிதத்தைப் பார்க்கும் உரிமை வேண்டாம் என்று விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுக்கவும் வழி இருக்கிறது. ஆறு விண்ணப்பத்திலும் வேண்டாம் என்றுதான் கொடுத்தேன். ஒவ்வொரு முறை அந்தக் கட்டத்தில் டிக் போடும்போதும் கை ஒரு நொடி நின்றது உண்மை. உங்கள் மேல் சந்தேகம் எதுவும் இல்லை. என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான்.

உங்களிடம் வருவதற்கு முன் வேறொருவரிடம் கேட்டிருந்தேன். "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்றார். அன்று இரவு முழுக்க உட்கார்ந்து என்னை நானே புகழ்ந்து ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் யாரோ ஒரு மாணவியைப் பற்றி எழுதியது மாதிரி இருந்தது. கடைசியில் அதை யாரிடமும் கொடுக்கவில்லை. மறுநாள் உங்களிடம் வந்து, சிரமம் வேண்டாமே என்று, "ஒரு வரைவு எழுதித் தரட்டுமா மேடம்?" என்றேன். நீங்கள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "நீ எழுதி நான் கையெழுத்துப் போட்டால் அது உன் கடிதம்தான். எனக்கு உன்னைத் தெரியும், நான் எழுதுகிறேன். நீ உன் ரிப்போர்ட்டையும் ஃபீல்டு நோட்டையும் மட்டும் கொண்டு வா."

கொண்டு வந்தேன். நீங்கள் நோட்டைப் புரட்டி, அந்தப் பக்கத்தில் நிறுத்தி, 14-வது வரியில் விரலை வைத்து, "இதைப் பற்றி எழுதலாமா? உனக்குச் சம்மதமா?" என்று கேட்டீர்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த ரிப்போர்ட்டுக்காக முன்பு மண்ணுக்குள் நீர் இறங்கும் வேகத்தை இரட்டை வளையம் வைத்து அளந்தபோது, 14-வது அளவீடு மட்டும் திடீரென்று எகிறியது. படிப்படியாகக் குறைந்து ஒரு நிலைக்கு வர வேண்டிய கோடு அந்த இடத்தில் மேலே போனது. அதை விட்டுவிட்டு வரைபடம் போட்டேன். ரிப்போர்ட்டை நீங்கள் ஏற்றுக்கொண்டும் விட்டீர்கள். அன்று இரவு தூக்கம் வராமல் மறுநாள் காலை உங்கள் அறை வாசலில் நோட்டோடு வந்து நின்றேன்.

நீங்கள் திட்டவில்லை. "அந்த நேரத்தில் வெளி வளையத்தில் தண்ணீர் எவ்வளவு இருந்தது?" என்று மட்டும் கேட்டீர்கள். நான் பார்க்கவே இல்லை. உள் வளையத்து அளவுகோலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். சரி, போய்ப் பார்த்துவிடலாம் என்று நீங்களும் கூட வந்தீர்கள். வேண்டுமென்றே வெளி வளையத்தில் தண்ணீரை வற்றவிட்டோம். உள்ளே இருந்த நீர் நேராகக் கீழே இறங்காமல் பக்கவாட்டில் பரவி, அளவு மளமளவென்று குறைந்தது. இறங்கும் வேகத்தில் அதே எகிறல்! வெயிலில் முட்டி போட்டு உட்கார்ந்து நீங்கள் நிறுத்துகடிகாரத்தைப் பார்த்து நிமிடம் சொல்ல, நான் குறித்துக்கொண்டே வந்தேன். ரிப்போர்ட்டின் கடைசியில் சேர்த்த அந்த இரண்டு பக்கம்தான் அதில் உருப்படியான பகுதி என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சம்மதம் என்று உங்களிடம் சொல்லிவிட்டேனே தவிர, அப்புறம் பல நாள் பயமாகத்தான் இருந்தது. எல்லோரும் கெட்டிக்காரி, உழைப்பாளி என்று எழுதி வாங்கும்போது, என் கடிதத்தில் மட்டும் நான் மறைத்த ஒரு எண் இருக்கிறதே என்று.

பிப்ரவரியில் வீடியோ நேர்காணல் வந்தது. வழிகாட்டியாக வரப்போகிற பேராசிரியர் வணக்கம் சொன்ன கையோடு கேட்ட முதல் கேள்வி: "அந்த 14-வது அளவீட்டைப் பற்றிச் சொல்லுங்கள்." இருபத்தைந்து நிமிடப் பேச்சில் பாதிக்கு மேல் அதுதான். நான் கையால் வளையம் போட்டுக் காட்டிப் பேசினேன். முடிக்கும்போது அவர், நீங்கள் எழுதியதில் ஒரு வரியைச் சொன்னார். யாரும் கண்டுபிடிக்காத தவறை இந்தப் பெண் தானாக வந்து சொன்னாள் என்று நீங்கள் எழுதியிருந்தீர்களாம். கடிதத்தில் எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வரிதான் மேடம். அன்றைக்கு உங்களுக்கு உடனே போன் செய்யாததற்குக் காரணம், பேச வரவில்லை.

ஆறு இணையதளத்திலும் ஆறு விதமான கேள்விகள், அறிவு எத்தனை சதவீதத்துக்குள், எழுத்துத் திறன் எத்தனை சதவீதத்துக்குள் என்று வரிசையாகக் கட்டங்கள். விடைத்தாள் கட்டுகள் மேசை நிறைய இருந்த வாரத்தில் இதையெல்லாம் நிரப்பினீர்கள். ஒரு இடத்திலிருந்து வந்த லிங்க் ஸ்பேமில் போய் விழுந்து, டிசம்பர் 15 கடைசி நாளன்று நான் தயங்கித் தயங்கி மெசேஜ் அனுப்பியபோது, "அங்கே இன்னும் நேரம் இருக்கிறது, பதறாதே" என்று பதில் போட்டீர்கள். விடிகாலை ஐந்து மணிக்குத் திறந்து பார்த்தேன். உங்கள் பெயருக்கு எதிரே கடிதம் வந்து சேர்ந்துவிட்டது என்று காட்டியது. நேரத்தைப் பார்த்தால், இரவு ஒன்றரை மணிக்கு ஏற்றியிருக்கிறீர்கள். அது எனக்குக் கூச்சமாகவும் இருக்கிறது, மறக்க முடியாததாகவும் இருக்கிறது.

ஆகஸ்டில் வகுப்பு தொடங்குகிறது. விசா நேர்காணலுக்கு இன்னும் தேதி கிடைக்கவில்லை, கிடைத்ததும் சொல்கிறேன். அங்கே எனக்குக் கொடுத்திருப்பது வறண்ட மண்ணில் மழைநீர் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்ற வேலை. முதல் அளவீட்டை எடுத்ததும் வரைபடத்தை உங்களுக்கு அனுப்புகிறேன், எல்லாப் புள்ளிகளோடும்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு அறையில் இருப்பீர்களா மேடம்? இந்த வருடம் இரட்டை வளையம் வைத்து அளக்கப்போகிற மாணவர்களுக்கு உதவும் என்றால் என் ஃபீல்டு நோட்டை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். 14-வது வரியில் நீங்கள் பென்சிலால் போட்ட வட்டத்தை அழிக்கவில்லை.

என்றும் நன்றியுடன்,
உங்கள் மாணவி