பதினேழு கட்டம்

தங்கச்சிமடத்தில் ஈஸ்டர் முடிந்தால் தையல்காரருக்குத் தூக்கம் கிடையாது. தவக்காலத்தில் கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஈஸ்டரை ஒட்டி ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும், ஆண்கள் எல்லாம் வீட்டில் இருப்பார்கள். அதனால் தேதிகள் இந்த இரண்டு மாதத்துக்குள் வந்து குவியும். கையில் காசு குறைவாக இருக்கிற மாதங்களும் இவைதான்.

அந்தோணிராஜ் கடையில் அன்று பதினோரு ஜாக்கெட் வெட்டாமல் கிடந்தது. எஸ்தர் மகள் ஜெனிபாவைக் கூட்டிக்கொண்டு வந்து பன்னிரண்டாவதை மேசைமேல் வைத்தாள். வரவேற்புக்கு மாப்பிள்ளை வீட்டில் எடுத்த பட்டு. உடல் முழுக்க அரை அங்குல ஜரிகைக் கட்டம், நாலு அங்குலக் கரை. ஜாக்கெட் துணி சேலையோடு சேர்ந்தே ஓடியது. அளந்தான். சரியாக 80 சென்டிமீட்டர்.

"மாடல் போட்டோ இருக்குண்ணே. நாத்தனாக்காரி அனுப்பியிருக்கா. இதே மாதிரி வேணுமாம்" என்றாள் எஸ்தர்.

ஜெனிபா போனை நீட்டினாள். முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று என இரண்டு படம் ஒட்டியிருந்தது. இதே போலக் கட்டம் போட்ட பட்டு. மார்புக்குக் கீழே உடம்போடு ஒட்டிப் பிடித்திருந்தது. பின்கழுத்து நடுமுதுகைத் தாண்டி இறங்கியிருந்தது. தோள்பட்டி ஒரு அங்குலம்கூட இருக்காது.

"நாளைக்கு வாத்தா. படத்தை என் போனுக்கு அனுப்பிட்டுப் போ" என்றான்.

அளவு எடுத்து வைத்திருந்தான். மார்பு 34, மார்புக்குக் கீழ் 29, உயரம் 14½, தோள் 14, கை நீளம் 10. இரவு கடையை அடைத்த பிறகு பழுப்புத்தாளை விரித்தான். எந்த மாடலைப் பார்த்தாலும் அவன் முதலில் எண்ணுவது துண்டுகளைத்தான். முன்பக்கம் எத்தனை, பின்பக்கம் எத்தனை, பட்டி தனியா சேர்ந்தா, திறப்பு எங்கே. அது தெரிந்தால் மீதி வெறும் கைவேலை.

இதில் துண்டு எண்ண முடியவில்லை.

34-க்கும் 29-க்கும் நடுவில் 5 அங்குலம் எங்காவது போயாக வேண்டும். துணியைக் கூம்பாக மடித்துத் தைக்கும் டாட்டில் பிடிக்கலாம், நீளவாக்கில் துண்டாக்கித் தைக்கும் பிரின்சஸ் கட்டில் வெட்டி எடுக்கலாம், சுருக்கு வைக்கலாம். பட்டுக்கு இழுவை கிடையாது, அதிலும் ஜரிகை ஓடினால் ஒரு நூல்கூடக் கொடுக்காது. எந்த வழியில் பிடித்தாலும் அந்த இடத்தில் கட்டம் உடையும். துணியைச் சாய்த்து வெட்டும் கிராஸ் கட்டிங்கில் போட்டால் கொஞ்சம் ஒட்டும்தான், ஆனால் கட்டம் சாய்ந்து டைமண்டாகிவிடும். படத்திலோ கட்டம் நேராக நின்றது, ஒரு கோடுகூட உடையவில்லை. பக்கத் தையலிலேயே 5 அங்குலத்தையும் எடுத்தால் அக்குளுக்குக் கீழே துணி மூட்டையாகக் கட்டும், மார்பின் வளைவுக்கு இடமே இருக்காது. படத்தில் அங்கே ஒரு சுருக்கம் இல்லை.

திறப்பையும் காணோம். முன்னால் கொக்கி இல்லை. பின்னால் இல்லை. முன்படத்தில் அந்தப் பெண் ஒரு கையைத் தூக்கியிருந்தாள், அந்தப் பக்கம் ஜிப் இல்லை. பின்படத்தில் மறுபக்கமும் ஜிப் தெரியவில்லை. திறப்பில்லாத 29 அங்குல வளையத்தைத் தோளைத் தாண்டி இறக்குவதற்குள் தையல் தெறிக்கும்.

இருபது வருஷத்துக்கு முன்னால் மதுரையில் வேலை பழகியதற்குப் பிறகு அவனுக்குத் தெரியாத ஏதோ ஒரு வெட்டு வந்துவிட்டதோ என்று முதலில் தோன்றியது. ராமநாதபுரத்தில் பெரிய கடை வைத்திருக்கும் சகலைக்குப் படத்தை அனுப்பினான். "எல்லாம் டிசைனர் கட்டிங் மச்சான், நமக்கு எதுக்கு" என்று பதில் வந்தது. தெரியாது என்பதைச் சகலை எப்போதும் இப்படித்தான் சொல்வான்.

படத்தை விரலால் பெரிசாக்கி, கோர்வை ஊசியின் முனையால் கட்டம் எண்ணினான். மார்பு மட்டத்தில் நடுவிலிருந்து பக்கத் தையல் வரை 17 கட்டம். கீழே, பிடிப்பான இடத்தில், நடுவிலிருந்து பக்கம் வரை அதே 17.

இன்னொரு தரம் எண்ணினான். 17.

ஜெனிபா அளவுக்குத் தைத்தால் அந்த இடத்தில் 13 அல்லது 14 கட்டம்தான் நிற்கும். உடம்பு குறுகினால் கட்டத்தின் எண்ணிக்கை குறைய வேண்டும், கட்டத்தின் அளவு மாறக்கூடாது. இங்கே எண்ணிக்கை அப்படியே இருக்க, கட்டம் ஒவ்வொன்றும் ஒல்லியாகியிருந்தது. மேலே சதுரம், கீழே நெட்டைச் செவ்வகம். தறியில் அப்படி நெய்ய மாட்டார்கள்.

அப்புறம்தான் அவன் துணியை விட்டுவிட்டுப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தான். டைல்ஸ் சுவர். மேலிருந்து நேராக இறங்கிய கோடு, இடுப்பு மட்டம் வந்ததும் இரண்டு பக்கமும் உள்நோக்கி வளைந்து, கீழே போய் மறுபடி நேரானது. டாட்டே இல்லாத தொளதொள ஜாக்கெட்டைப் போட்டுப் படம் எடுத்து, அப்புறம் படத்திலேயே இடுப்பை நெருக்கியிருக்கிறார்கள். கூடவே சுவரும் நெருங்கிவிட்டது.

பின்படத்தைத் திருப்பினான். முதுகு நடுவில் ஜரிகை ஒரு விரல் அகலத்துக்கு மங்கியிருந்தது, ஈரத்துணியால் கோலத்தைத் துடைத்த மாதிரி. கொக்கி வரிசை அங்கே இருந்திருக்கும். அதற்கு மேலே, இடது ஓரத்தில், முத்துக் குஞ்சம் இரண்டு தொங்கின. நாடா இல்லை. வெறும் குஞ்சம். அந்தோணிராஜ் தனியாக உட்கார்ந்து சிரித்தான்.

மறுநாள் எஸ்தருக்கு விஷயம் சட்டென்று புரிந்துவிட்டது. அவளுக்குப் பயம் வேறு. "நாம முடியாதுன்னா, தைக்கத் தெரியாத டைலர்ட்டக் குடுத்தீங்கன்னு சொல்லுவாண்ணே. பட்டு அவுங்க எடுத்தது. ராம்நாட்டுலயே குடுங்கன்னுதான் முதல்ல சொன்னா."

"நான் பேசுறேன் தங்கச்சி. போனைப் போடு."

நாத்தனார் மெர்சி எடுத்ததும், "என்னண்ணே, டிசைன் கண்ணு முன்னாடி இருக்குல்ல, அப்புறம் என்ன கஷ்டம்?" என்றாள்.

"கஷ்டம் ஒண்ணும் இல்லம்மா. நீங்க படத்தைத் திறங்க. அந்தக் குஞ்சம் எதுல தொங்குதுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"நாடா முடிக்குள்ள இருக்கும்."

"வலது தோள்ல முடி இல்லையே, நாடா அங்க இருந்துதான வரணும்?"

"..."

"சரி, இந்தப் புள்ள இதை எந்தப் பக்கமா போட்டுச்சுன்னு பாருங்க. கொக்கி எங்க இருக்கு? பின்னாடி டைல்ஸ் கோட்டையும் ஒரு தரம் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

இந்தத் தடவை அமைதி நீண்டது. அப்புறம் மெர்சி, "செவுரு வளைஞ்சிருக்குண்ணே" என்றாள், அவளே வளைத்துவிட்ட மாதிரியான குரலில்.

அந்தோணிராஜ் அதற்குமேல் அந்தப் படத்தைப் பற்றிப் பேசவில்லை. என்ன கொடுக்க முடியும் என்பதற்கு வந்துவிட்டான். கட்டம் உடையும், ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் உடைக்கலாம். முன்பக்கம் ஒவ்வொரு டாட்டும் அடியில் 1½ அங்குலம், அதாவது முழுசாக 3 கட்டம். டாட்டின் இரண்டு காலும் அடியில் ஜரிகைக் கோட்டின் மேலேயே விழுந்தால் மடிப்பு முடியும் இடத்தில் கட்டத்தோடு கட்டம் சேர்ந்துவிடும், அரைக் கட்டமாக நிற்காது. மேலே போகப் போகக் கொஞ்சம் கோணும். அதில் இடது பக்கத்தை முந்தானை மூடிவிடும். பின்பக்கம் டாட்டுக்கு ஒரு கட்டம், இரண்டு டாட். இரண்டு பக்கத் தையலிலும் அரை அங்குலம். எல்லாம் சேர்த்து 5.

"திறப்பு பின்னாடி வச்சுத்தான் ஆகணும். முன்னாடி நீங்க கேட்ட மாதிரி சுத்தமா இருக்கும். பின்னாடி முக்கால் இஞ்சு மேலேறுற பட்டி வச்சு, கட்டத்துமேல கட்டம் உக்கார வச்சிர்றேன். கொக்கி நாலும் உள்ள போயிரும்."

"நாடா வேணாம்ணே. முதுகு ப்ளைனா இருக்கட்டும்."

"10 இஞ்சு இறக்கம், தோள் 1 இஞ்சு, நாடாவும் இல்லன்னா, புள்ள மாலை மாத்தக் கையத் தூக்குனதும் தோள் வழுக்கிரும்மா. ஒண்ணு நாடா வைக்கணும், இல்லன்னா இறக்கத்தை 8-ஆக்கி, தோளை 2 இஞ்சு வைக்கணும். ரெண்டும் வேணாம்னா அன்னைக்கு முழுக்க அவ தோளைத்தான் பிடிச்சிட்டு நிப்பா."

"கண்ணாடி நாடான்னு ஒண்ணு விக்கிதே?"

"விக்கிது. மே மாசத்துல, இந்த ஊர் வேர்வைல, ரெண்டு மணி நேரத்துல தோள்ல கோடு விழுந்துரும். போட்டோல அந்தக் கோடுதான் பளிச்சுன்னு தெரியும்."

மெர்சி யோசித்தாள். நாடாவே இருக்கட்டும், ஆனால் குஞ்சம் பெரிசாக வேண்டும் என்றாள். குஞ்சத்தில் வந்து நின்றதும் அந்தோணிராஜுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது.

பட்டில் கத்தரியை வைக்கவில்லை. அந்த 80 சென்டிமீட்டர் போனால் வேறு வாங்க முடியாது. கோரா துணியில் பென்சிலால் அரை அங்குலக் கட்டம் போட்டு, அதில் முதலில் வெட்டினான். ஜெனிபா போட்டுக்கொண்டு திரைக்கு வெளியே வந்தாள். கையைத் தூக்கச் சொன்னான். ஜாக்கெட் அடி ஒரு அங்குலம் மேலே ஏறியது. அக்குள் குழி தாழ்ந்திருந்தால் அப்படித்தான் ஏறும். புதிதாகத் தைப்பவர்கள் கை இறுக்குகிறது என்று கேட்டதும் குழியைத்தான் வெட்டித் தாழ்த்துவார்கள், இறுக்கம் இன்னும் கூடும். அவன் குழியை அரை அங்குலம் உயர்த்தி, கைத்துண்டில் அக்குள் பக்கம் கொஞ்சம் அகலம் விட்டான். இரண்டாவது தடவை கை தூக்கியபோது அடி அசையவில்லை.

"உக்காரு. மூச்சை இழுத்து விடு. இறுக்குதா?"

"இல்ல மாமா."

"பொய் சொல்லாத. அன்னைக்குச் சாப்பிடணும்."

"கொஞ்சம் இறுக்குது."

பக்கத்துக்குக் கால் அங்குலம் விட்டான். கட்டக் கணக்கு அங்கே சற்றுப் பிசகும், கைக்கு அடியில் போய்விடுவதால் பரவாயில்லை. லைனிங்குக்கு எடுத்து வைத்திருந்த பருத்தித்துணியைத் தண்ணீரில் நனைத்துக் கொடியில் போட்டான். நனைக்காமல் வைத்தால் முதல் சலவையில் லைனிங் சுருங்கி, மேலே பட்டு பொங்கிக்கொண்டு நிற்கும்.

கோராவில் தைத்ததை ஜெனிபா படம் எடுத்து ராமநாதபுரத்துக்கு அனுப்பினாள். பென்சில் கோடு போட்ட வெள்ளைத் துணி, நாடாவுக்குப் பதில் ஒரு துண்டு நூல். பத்து நிமிஷத்தில் மெர்சியின் குரல் வந்தது:

"அண்ணே, நல்லாருக்கு, வெட்டிருங்க. கொக்கி மட்டும் உப்புக் காத்துல துருப்பிடிக்காததா போடுங்க. போன கல்யாணத்துல என் ஜாக்கெட் முதுகுல நாலு கறை."

"பித்தளைக் கொக்கி போடுறேன்மா, முப்பது ரூபா கூட வரும்" என்று பதில் அனுப்பிவிட்டு அந்தோணிராஜ் பட்டை மேசையில் விரித்தான்.