இருபத்திரண்டாம் அத்தியாயத்தின் கடைசி வரி

12 மார்ச் 2025

அன்புள்ள ஐயா,

வணக்கம். ‘ஈரம் ஏறிய கதவு’ நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு இருபத்தொன்றாம் அத்தியாயம் வரை முடிந்து, ஒருமுறை திருத்தியும் ஆகிவிட்டது. இருபத்திரண்டையும் முடித்துவிட்டேன், அதன் கடைசி வரியைத் தவிர. பதினொரு நாட்களாக அந்த ஒற்றை வரியில் நின்றுகொண்டிருக்கிறேன். உங்களைத் தொந்தரவு செய்யாமல் நானே தீர்த்துவிட வேண்டும் என்றுதான் இத்தனை நாள் முயன்றேன். இனி அது முறையாகாது என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

வரி இது, பக்கம் 214-இல், தனிப் பத்தியாக நிற்கிறது:

“அப்பா அன்றிரவே கதவைத் திறந்திருக்க வேண்டும்.”

முதன்முறை நாவலைப் படித்தபோது இந்த வரியில் எனக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை. கயல் உண்மையைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். அப்பாவின் பெட்டியில் அவள் அக்கா தேன்மொழியின் கண்ணாடிக்கூடு இருக்கிறது, அதற்குள் மழைக்கறை படிந்த துணி. அப்படியானால் அன்று இரவு மகள் வந்து தட்டியபோது அவர் திறந்திருக்கிறார், பார்த்திருக்கிறார், பேசியிருக்கிறார். பிறகு இருபது வருடம் “யாரும் வரவில்லை” என்று பொய் சொல்லியிருக்கிறார். படித்ததும் உடம்பு சில்லிட்டது. மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது அந்தச் சில்லிப்பையே ஆங்கிலத்தில் எழுதினேன். ‘மஸ்ட் ஹேவ்’ என்று போட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டேன்.

என் பிரதியை முதலில் படிக்கும் தோழி ஒருவர் இருக்கிறார். தமிழும் ஆங்கிலமும் ஒரே அளவு தெரிந்தவர். அவர் அந்த இடத்தில் பென்சிலால் கோடிட்டு, “இது ஆதங்கம் அல்லவா? ஏன் ஊகமாக்கிவிட்டாய்?” என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அவர் படித்த நாவலில் அப்பா கதவைத் திறக்கவே இல்லை. தேன்மொழி கண்ணாடிக்கூட்டை வாசற்படியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். காலையில் அப்பா அதை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார். அதைக் கையில் வைத்துக்கொண்டு கயல் நினைக்கிறாள்: அன்றிரவே திறந்திருக்க வேண்டும், திறக்காமல் போனாரே. இருவரும் ஒரே புத்தகத்தைப் படித்து இரண்டு வெவ்வேறு அப்பாக்களோடு எழுந்திருக்கிறோம். ஒருவர் பொய் சொன்னவர். மற்றவர் கதவுக்கு உள்ளே, தட்டும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தவர்.

‘திறந்திருக்க வேண்டும்’ என்பது தமிழில் இரண்டையும் தாங்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. “மணி பத்தாகிவிட்டது, அவன் வந்திருக்க வேண்டும்” என்றால் ஊகம். “நேற்றே வந்திருக்க வேண்டும், ஏன் வரவில்லை?” என்றால் குறை. எதிர்மறையில் சொல்லிப் பார்த்தால் இரண்டும் தாமாகவே பிரிந்துகொள்கின்றன: “திறந்திருக்க மாட்டார்” என்பது ஊகம், “திறந்திருக்கக் கூடாது” என்பது குறை. உடன்பாட்டில் மட்டும் ஒரே சொற்றொடர் இரண்டு வேலையும் செய்கிறது. ஆங்கிலம் இந்த இடத்தில் பிடிவாதமானது. ஊகத்துக்கு ‘மஸ்ட் ஹேவ்’, குறைக்கு ‘ஷுட் ஹேவ்’ என்று இரண்டு தனிப் பாதைகள். ஒன்றில் கால் வைத்தால் மற்றதை அடைத்துவிடும். ‘ஆட் டு ஹேவ்’ என்பதையும் போட்டுப் பார்த்தேன். அதில் குறைதான் முந்திக்கொண்டு கேட்கிறது.

‘அன்றிரவே’ என்பதில் உள்ள ஏகாரம் கைகொடுக்குமா என்று பார்த்தேன். கொடுக்கவில்லை. ஊகமானால், மறுநாள் காலையில் அல்ல, அந்த இரவிலேயே திறந்திருக்கிறார் என்று தேற்றமாக நிற்கிறது. குறையானால், விடியும் வரை காத்திராமல் அப்போதே திறந்திருக்கலாமே என்று இடிக்கிறது. (‘திறந்திருக்கலாம்’ என்று எழுதினால் அதுவும் இரண்டாகப் பிளக்கிறது என்பதை இந்த வாக்கியத்தை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.)

பிறகு நாவல் முழுவதிலும் ‘-இருக்க வேண்டும்’ வரும் இடங்களை எல்லாம் குறித்தேன். இந்த வரியை விட்டுவிட்டு முப்பத்தொரு இடங்கள். இருபத்தாறில் அது ஊகம், பெரும்பாலும் கயலின் ஊகம். அவள் எதையும் அடையாளங்களைக் கொண்டு கண்டுபிடிக்கும் பெண் என்பதால் அது இயல்பு. மீதி ஐந்தும் குறை. அந்த ஐந்தும் அம்மாவின் வாயிலிருந்து வருகின்றன. “நீ அப்போதே சொல்லியிருக்க வேண்டும்”, “அவளைத் தடுத்திருக்க வேண்டும்” என்று துணி மடித்துக்கொண்டே சொல்கிறாளே, அந்த வரிகள். இதைக் கண்டதும் கணக்குத் தீர்ந்தது, பேசுவது கயல், ஆகவே ஊகம் என்று நிம்மதி அடைந்தேன். அந்த நிம்மதி ஒரு மணி நேரம்கூட நிலைக்கவில்லை. கடைசி வரிக்கு முந்தைய பத்தியைத் திரும்பப் படித்தேன். கயல் பெட்டியை மூடாமல் உட்கார்ந்திருக்கிறாள், துணியை மடிக்கிறாள், “அம்மா மடிப்பதுபோல் விளிம்போடு விளிம்பு சேர்த்து” மடிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு அடுத்ததாக இந்த வரி. கை அம்மாவுடையதாகிவிட்ட பிறகு குரல் மட்டும் கயலுடையதாகவே இருக்கும் என்று நான் எப்படி அடித்துச் சொல்ல முடியும்?

ஊகம் மட்டும்தான் வேண்டுமென்றால் “திறந்திருப்பார்” என்று நீங்கள் எழுதியிருக்க முடியும். குறை மட்டும்தான் என்றால் “திறந்திருக்க வேண்டாமா” என்று எழுதியிருக்க முடியும். ஒரு சொல்லையும் அலட்சியமாக வைக்காத நீங்கள், இரண்டையும் சுமக்கும் வடிவத்தை அறியாமல் எடுத்திருப்பீர்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. தொடராக வந்தபோது இந்த வரியின் முடிவில் மூன்று புள்ளிகள் இருந்தன. புத்தகத்தில் அவை ஒரு முற்றுப்புள்ளியாகிவிட்டன. அந்த மாற்றம் உங்களுடையதா, அச்சில் நேர்ந்ததா என்று தெரிந்தால்கூட எனக்கு ஒரு பிடி கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உண்மையில் அதற்காகத்தான் இந்தக் கடிதம். நேற்று இரவு அந்தப் பக்கத்தை வாய்விட்டுப் படித்தேன். மூன்றாவது முறை படிக்கும்போது ஊகமும் கேட்கவில்லை, குறையும் கேட்கவில்லை. ஒரு வேண்டுதல் கேட்டது. “நீ நன்றாக இருக்க வேண்டும்” என்று வாழ்த்தும்போது வருகிற ‘வேண்டும்’. ‘வேண்டுதல் வேண்டாமை இலான்’ என்று குறள் சொல்லும்போது அந்தச் சொல்லில் இருக்கிற விருப்பம். அப்பா திறந்திருக்க வேண்டும், கடவுளே, அவர் திறந்திருக்க வேண்டும், அக்கா மழையில் நின்று தட்டித் தட்டி ஓய்ந்து போயிருக்கக் கூடாது. நடந்து முடிந்துவிட்ட ஒன்றுக்காக இருபது வருடம் கழித்து ஒருத்தி வேண்டிக்கொள்கிறாள். அவர் பொய்யராகவே இருந்துவிட்டுப் போகட்டும், திறந்திருந்தால் போதும் என்கிறாள். அப்படிக் கேட்ட பிறகு என்னால் மேலே படிக்க முடியவில்லை. புத்தகத்தை மூடிவிட்டேன்.

இது நீங்கள் வைத்ததா, என் காது சேர்த்துக்கொண்டதா? தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.

நான் கேட்பது மர்மத்தின் விடையை அல்ல, ஐயா. அன்றிரவு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருந்து, அதைச் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டாம். கயல் அந்தக் கணத்தில் எதை நம்புகிறாள், அல்லது எதையும் நம்ப முடியாமல் இருக்கிறாளா என்பது மட்டும் எனக்குத் தெரிந்தால் போதும். ஏனென்றால் இதன் நிழல் கடைசி அத்தியாயம் வரை விழுகிறது. அங்கே அவள் அப்பாவின் படத்தின் முன் நின்று “போதும்” என்கிறாளே, அந்த ஒரு சொல்லின் தொனியே இங்கேதான் முடிவாகிறது. அவர் பொய் சொன்னவர் என்றால் அது கசப்போடு வரும் ‘போதும்’. திறக்காமல் இருந்து இருபது வருடம் அதற்காக வெந்தவர் என்றால், தோளைத் தொட்டுச் சொல்லும் ‘போதும்’. ஆங்கிலத்தில் அதற்கும் வெவ்வேறு சொற்களைத் தேட வேண்டியிருக்கும்.

மூன்றும் ஒருசேர இருக்க வேண்டும் என்பது உங்கள் எண்ணமானால், எனக்கு ஓர் அனுமதி தேவை. ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம் அதைத் தாங்காது. அதை இரண்டாக உடைத்துப் பார்த்திருக்கிறேன். தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்: “அப்பா அன்றிரவு கதவைத் திறந்திருப்பார். திறந்திருக்கட்டும்.” முதல் வாக்கியம் முடிவுபோலத் தொடங்குகிறது, இரண்டாவது அதைக் கெஞ்சலாக மாற்றிவிடுகிறது. இதில் அம்மாவின் குறை காணாமல் போகிறது, அது எனக்கு உறுத்துகிறது. உங்கள் ஒற்றை வரியின் அழுத்தமும் கொஞ்சம் கரைகிறது. ஆனாலும் அடிக்குறிப்புப் போடுவதைவிட இது மேல். அந்த இடத்தில் கீழே ஓர் எண்ணைப் போட்டு இலக்கணம் விளக்கினால் கயல் பெட்டியின் முன் தனியாக இருக்க முடியாது. அதை நான் செய்யமாட்டேன்.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வந்தால், எதை இழக்கலாம் என்பதை நீங்களே சொல்லுங்கள். இந்த ஆங்கிலப் பிரதியை வைத்தே வேறு மொழிகளுக்கும் நாவல் போகக்கூடும். பிரெஞ்சிலும் ஜெர்மனிலும்கூட ஊகத்துக்கும் குறைக்கும் வெவ்வேறு வினைவடிவங்கள்தான். அந்த மொழிபெயர்ப்பாளர்கள் தமிழை அறியாதவர்களாக இருந்தால், இங்கே ஒரு கிளை பிரிந்தது என்றே அவர்களுக்குத் தெரியாது. நான் போட்ட பாதையில் நடந்துவிடுவார்கள். ஒரு தகப்பனைக் குற்றவாளியாக்குவதோ கோழையாக்குவதோ என் கையால் நடக்கக் கூடாது. அந்த உரிமை உங்களுடையது.

பதிப்பாசிரியருக்கு ஏப்ரல் 20-க்குள் முழுப் பிரதியையும் அனுப்ப வேண்டும். மற்ற அத்தியாயங்கள் நிற்காமல் நகரும், இந்த வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். எழுதுவது சிரமமாக இருந்தால் ஒன்று செய்யுங்கள் ஐயா. வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை தொலைபேசியில் அழைக்கிறேன். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். அந்தக் கடைசிப் பக்கத்தை, துணி மடிக்கும் இடத்திலிருந்து, நீங்கள் எழுதியபோது உங்களுக்குள் கேட்டதுபோல் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். குரல் எந்தச் சொல்லில் அழுந்துகிறது என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடனும் மரியாதையுடனும்,
நித்திலா